பில் போட்ட நாள் சேருமா?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புருஷோத்தமனின் கம்ப்யூட்டர் கடை. பழைய லேப்டாப்புகளைச் சென்னையிலிருந்து மொத்தமாக வாங்கி, சரிபார்த்து விற்பது தொழில். ஜெயப்பிரியா அங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பில் போடுவாள். கடையின் பேஸ்புக் பக்கத்தில் போட்டோ போட்டு, அதற்குக் கீழே நாலு வரி எழுதுவாள்.

அந்த மாதம் ஒரே மாடலில் பன்னிரண்டு லேப்டாப் ஒரே லாட்டாக வந்தது. ஒரு கம்பெனி மொத்தமாகக் கழித்துவிட்டவை. "புத்தம் புதுசு மாதிரின்னு போட்டுடு ஜெயா" என்றார் புருஷோத்தமன். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. போன தடவை அப்படிப் போட்டதற்கு, மூடியில் இருந்த கீறலைக் காட்டி ஒருத்தர் கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தார். அதனால் இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

"இவை பயன்படுத்திய லேப்டாப்கள். சரிபார்த்து விற்கிறோம். ஏ கிரேடு: கீறல் அநேகமாக இருக்காது. பி கிரேடு: மூடியில் லேசான கீறல், ஸ்கிரீன் சுத்தம். சி கிரேடு: கீறல், நசுங்கல் கண்ணுக்குத் தெரியும். கிரேடு என்பது வெளித்தோற்றத்துக்கு மட்டும்தான். மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்யும். உள்பாகங்களுக்கு ஆறு மாத வாரண்டி. பேட்டரி, சார்ஜருக்கு ஒரு மாதம். கீழே விழுந்தாலோ, தண்ணீர் பட்டாலோ, சீல் பிரிந்தாலோ வாரண்டி கிடையாது. பழுது இருந்தால் 7 நாளுக்குள் பில், சார்ஜருடன் கொண்டு வாருங்கள். வேறு லேப்டாப் அல்லது பணம் திரும்ப, உங்கள் விருப்பம். அதற்குப் பிறகு ரிப்பேர் மட்டும்."

புருஷோத்தமன் படித்துவிட்டு முகம் சுளித்தார். ஆனால் ஒரே வாரத்தில் ஒன்பது லேப்டாப் விற்றுவிட்டது.

பத்தாம் தேதி மதியம் ஒரு பெண் உள்ளே வந்தாள். பெயர் அனுஷா. காவாந்தண்டலம் ஊர்க்கோடியில் இருக்கும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். பின்னாலேயே அவள் அப்பா மாசி, சார்ஜரைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இது அதுவா ஆஃப் ஆயிடுது. இருவது நிமிஷம் கூட நிக்கல. வெள்ளிக்கெய்ம புராஜெக்ட் குடுக்கணும்."

புருஷோத்தமன் பில்லை வாங்கிப் பார்த்தார். "சி கிரேடு வாங்கிக்கினு போனா அப்டி இப்டிதாம்மா கீது."

அனுஷா போனை எடுத்தாள். சத்தமாகப் படித்தாள். "கிரேடு என்பது வெளித்தோற்றத்துக்கு மட்டும்தான். மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்யும்." நிமிர்ந்து பார்த்தாள். "இது உங்க கடை போட்டதுதானே சார்?"

அவர் ஜெயப்பிரியாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினார். திருகு மேல் ஒட்டிய சீல் பிரியவில்லை. தண்ணீர் பட்ட அடையாளமும் இல்லை.

"செரி, போட்டுப் பாப்போம். ஆஃப் ஆவலன்னா எட்த்துக்கினு போய்டணும்."

வீடியோ ஒன்றை ஓடவிட்டு மேசை மேல் வைத்தார்கள். இருபது நிமிஷம் போனது. முப்பது போனது. ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது. அனுஷாவின் நெற்றி சுருங்கியது.

"இன்னாப்பா? எங்க ஆஃப் ஆச்சு?" என்று மாசியைக் கேட்டார் புருஷோத்தமன்.

"பொண்ணு பொய் சொல்லாது சார்" என்றார் மாசி. குரல் தாழ்வாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நகரவில்லை.

அனுஷா தலைக்கு மேலே பார்த்தாள். "இங்க ஏசி ஓடுது. எங்க வூட்ல தகர ஷீட்டு."

ஜெயப்பிரியாவுக்குச் சட்டென்று உறைத்தது. யாரையும் கேட்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பங்குனி வெயில் படியைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கூரை நிழலில் ஸ்டூல் போட்டு அதன் மேல் வைத்தாள். நாலு பேரும் சுற்றி நின்றார்கள். செங்கல்பட்டு பஸ் ஒன்று வந்து ஆளை இறக்கிவிட்டுப் போனது. பதினோராவது நிமிஷம் ஸ்கிரீன் கறுத்தது.

ஜெயப்பிரியா காற்று வெளியேறும் துவாரத்தில் கையை வைத்தாள். அடிப்பாகம் தொட முடியாமல் சுட்டது. ஆனால் காற்றே வரவில்லை. "ஃபேன் சுத்தலண்ணா. சூடு ஏறி அதுவே ஆஃப் ஆவுது."

புருஷோத்தமன் உள்ளே போய் உட்கார்ந்தார். பில்லை மறுபடி எடுத்தார். "செரிம்மா, பழுதுதான். வாரண்டி கீது, ரிப்பேர் பண்ணித் தரேன். மெட்ராசுக்கு அனுப்பி வர ரெண்டு வாரம் ஆவும்."

"வேற லேப்டாப் குடுக்கறேன்னு போட்டிருக்கீங்களே. ஏழு நாளுக்குள்ள வந்துட்டனே."

"மூணாந்தேதி பில்லு. மூணு, நாலு, அஞ்சு..." விரல் விட்டு எண்ணினார். "நேத்தோட ஏழு முடிஞ்சி போச்சி. இன்னிக்கி எட்டு."

"வாங்கின அன்னிக்கி சாயங்காலம்தான் வூட்டுக்கே போனேன். அத்த எப்டி ஒரு நாளுன்னு எண்றீங்க? நாலாந்தேதிலேர்ந்து எண்ணுங்க. இன்னிக்கிதான் ஏழு."

"அப்டி எங்க போட்டிருக்குது?"

"உங்க மாதிரி எண்ணணும்னும் போடலியே!"

ஜெயப்பிரியா தான் எழுதியதை நினைத்துப் பார்த்தாள். கீறலை எழுதினாள், நசுங்கலை எழுதினாள், சீலை எழுதினாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை மட்டும் எழுதவில்லை.

புருஷோத்தமன் அவளைப் பின்பக்கம், திரைச்சீலைக்கு உள்ளே கூப்பிட்டார். குரலை அடக்கிப் பேசினார். "அந்த போஸ்ட்ல 'பில் போட்ட நாள் சேர்த்து'ன்னு மாத்து. இப்பவே."

"அண்ணா, அவங்க கையில போன் கீது. மாத்தினா மாத்தினதுன்னு தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும். ஒரே லாட்டு ஜெயா. இந்த ஒண்ணு திரும்புச்சுன்னா ஒம்போதும் திரும்பும். அப்புறம் கடைய சாத்திட்டு நானும் நீயும் ரோட்ல நிக்கணும், புரியுதா?"

அவர் இப்படிப் பயந்து அவள் பார்த்ததே இல்லை. போனை எடுத்தாள். போஸ்டைத் திறந்தாள். திருத்தும் இடத்தில் விரலை வைத்தாள். நாலே வார்த்தை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அனுஷா, "பஸ்ஸு போனா போவட்டும்பா, இரு" என்று அப்பாவிடம் சொல்வது கேட்டது.

ஜெயப்பிரியா போனைக் கீழே வைத்தாள். நேராகக் கடைக்குள் வந்தாள்.

"அனுஷா, அதை எழுதினது நான்தான். எந்த நாள்லேர்ந்துன்னு எழுதாம வுட்டது என் தப்பு. நான் மனசுல நினைச்சது அடுத்த நாள்லேர்ந்துதான். உனக்கு இன்னிக்கி ஏழாவது நாள்."

புருஷோத்தமன் திரைச்சீலைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். வேலை போய்விட்டது என்று ஜெயப்பிரியா முடிவு செய்துகொண்டாள்.

அவர் வந்து அலமாரியைத் திறந்தார். அந்த லாட்டில் மிச்சமிருந்த மூன்றையும் எடுத்து, இனி விற்பதற்கில்லை என்று கீழ்த்தட்டில் ஒதுக்கி வைத்தார். வேறு கம்பெனி மாடல் ஒன்றை எடுத்து அனுஷா முன்னால் வைத்தார். "பி கிரேடு. வெளிய வெச்சி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்து எட்த்துக்கினு போ."

அவள் அப்படியே செய்தாள். ஒரு மணி நேரமும் ஸ்டூலை விட்டு நகரவில்லை. துவாரத்தில் கை வைத்து வைத்துப் பார்த்தாள். கடைசியில் பில்லில் புதுத் தேதி போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மாசி பையைத் தோளில் மாட்டினார். ஜெயப்பிரியாவைப் பார்த்து, "வரோம்மா" என்றார்.

அவர்கள் போன பிறகு ஜெயப்பிரியா போஸ்டைத் திறந்தாள். "பில் தேதிக்கு மறுநாளிலிருந்து 7 நாள். ஏழாம் நாள் கடை மூடும் வரை" என்று சேர்த்தாள். புருஷோத்தமனிடம் காட்டினாள். அவர் படித்தார். மேசை மேல் கிடந்த பில் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"மீதி எட்டு பேருக்கும் நீயே போன் போடு. நாலு பேருக்கு ஏழு நாள் தாண்டிடுச்சி."

"தாண்டினவங்களுக்கு இன்னா சொல்றது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரச் சொல்லு. பாக்கலாம்."

முதல் நம்பர், களியாம்பூண்டியில் ஒரு டீச்சருடையது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"டீச்சர், லேப்டாப் வாங்கினீங்களே, அந்தக் கடையிலேர்ந்து பேசறேன். அது ரொம்ப சூடாவுதா?"



"நானே நாளைக்கி சண்ட போட வரலாம்னு இருந்தேன்" என்றார் டீச்சர்.