உருண்டையின் நாடி

நர்சிங் பயிற்சியில் சேர்ந்ததிலிருந்து சிட்டு வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. தெர்மாமீட்டரும் விநாடி முள் ஓடும் கைக்கடிகாரமுமாகத் திரிந்தாள். வேலைக்குக் கிளம்புகிற அண்ணனை வாசலில் மறித்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அண்ணி துணி மடிக்கும்போது அவளுக்குத் தெரியாமல் மூச்சை எண்ணுவாள். எண்ணப்போவதாகச் சொன்னால் மனுஷி வேண்டுமென்றே இழுத்து இழுத்து மூச்சு விடுவாள் என்பது அனுபவம். "உங்க தங்கச்சி நர்ஸாகுறதுக்குள்ள நம்ம உயிரை வாங்கிடுவா," என்று அண்ணி அண்ணனிடம் கேலி செய்வாள்.

அண்ணனுக்கு நாடி நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு. பெரியவர்களுக்கு அறுபதிலிருந்து நூறு வரை இருக்கலாம், உனக்கு அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று சிட்டு சொன்னதிலிருந்து அவனுக்கு ஒரே பெருமை. நூல் ஆலையில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவள் அதிகம் எண்ணியது உருண்டையைத்தான். அண்ணனுடைய மகன், பிறந்து நான்கு மாதம். கன்னமும் தொடையும் வைத்து அந்தப் பெயர் வந்தது. தூங்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்கப் பார்ப்பாள். கைக்குழந்தைகளின் மூச்சு ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாகிவிடும். பிறகு முழங்கைக்கு மேலே, புஜத்தின் உள்பக்கம் இரண்டு விரல் வைத்து நாடி. கடைசியில் அக்குளில் தெர்மாமீட்டர், கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, சத்தம் வரும்வரை. குழந்தையை எழுப்பி அழவிட்டால் முதல் இரண்டும் வீணாகிவிடும் என்பதால் இந்த வரிசை. மூச்சு முப்பத்தைந்து, நாற்பது. நாடி தூக்கத்தில் நூற்றுப் பத்து, விழித்துக் கைகாலை உதைத்தால் நூற்று நாற்பது. அவனுடைய கணக்கு அவளுக்கு மனப்பாடம்.

கோபம் வந்தால் அண்ணனுக்குக் கை நீளும் என்பதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்பா போன பிறகு சிட்டுவைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். அவள் மேல் ஒரு அடி விழுந்ததில்லை. அண்ணி மேல் விழுந்தது. குழந்தை பிறந்த பிறகு குறைந்துவிடும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். ஆலையில் அவனை இரவு வேலைக்கு மாற்றிப் போட்ட பிறகு கூடியது. பகலில் தூங்க முடியாது, குழந்தை அழும், கதவு, தட்டு, நாற்காலி என்று எதன் மேலாவது கோபம் இறங்கும்.

அன்று வகுப்பு மதியத்தோடு முடிந்தது. சிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது நடுக்கூடத்தில் டி.வி. கவிழ்ந்து கிடந்தது. சுவரில் ரத்தம் தெறித்திருந்தது. அண்ணி சமையலறை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, இடது மணிக்கட்டை வலது கையால் ஏந்திக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு இருக்கவேண்டிய கோணத்தில் இல்லை. உதடு கிழிந்து முகவாய் வரை சிவப்பு. அண்ணன் கட்டிலில், குழந்தைக்குப் பக்கத்தில், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உருண்டைக்கு என்ன, சத்தத்தையே காணோம்?" என்று சிட்டு கேட்டாள்.

பாலைக் கக்கினான், தூங்குகிறான், தொடாதே என்றான் அண்ணன். அவள் கட்டிலருகே குனிந்தாள். உருண்டையின் கண் பாதி திறந்திருந்தது. தூங்குகிற குழந்தையின் கண் அல்ல அது. சட்டையைத் தூக்கினாள். வயிறு ஒரு தரம் ஏறியது. இறங்கியது. அப்புறம் ஏறவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். மறுபடி ஒரு தரம், இழுத்தாற்போல. நிமிஷம் முடிந்தபோது பதினான்கு.

"தொடாதேன்னு சொன்னேன்ல," என்று அண்ணன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். பீரோக் கதவில் போய் மோதி விழுந்தாள். வாழ்க்கையில் அவன் அவள் மேல் கைவைத்தது அதுதான் முதல் தடவை. அவனே ஒரு கணம் திகைத்து நின்றான். அந்தக் கணத்தில் அவள் எழுந்து வந்து குழந்தையின் புஜத்தைப் பற்றினாள்.

காதுக்குள் செண்டை மேளம் அடித்தது. எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு. அப்பாடா என்றிருந்தது. நூறுக்கு மேலே இருக்கிறது, பிள்ளை பிழைத்தான். ஆனால் மூச்சு பதினான்கு, நாடி மட்டும் இப்படியா? மனம் ஒப்பவில்லை. குனிந்து பார்த்தாள். அவசரத்தில் பிடித்த பிடியில் அவளுடைய கட்டை விரல் புஜத்தின் உள்பக்கம் அழுந்தியிருந்தது. கட்டை விரலில் தன் நாடியே துடிக்கும். அவள் எண்ணியது தன் பயத்தைத்தான்.

கையை எடுத்தாள். ஒரு தரம் மூச்சை இழுத்து விட்டாள். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் உள்பக்கம் பதித்து, அழுத்தாமல், மறுபடி ஆரம்பித்தாள். துடிப்பு மெதுவாக, கனமாக வந்தது. எண்ண அவசரமே இல்லாத துடிப்பு. அறுபத்தெட்டு.

உச்சந்தலையைத் தொட்டாள். எலும்பு கூடாத அந்த மெத்தென்ற இடம் புடைத்து, பந்து மாதிரி விறைத்து நின்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே. நாடி அறுபத்தெட்டுதான் இருக்கு."

"அறுபத்தெட்டா?" அண்ணன் முகத்தில் நிம்மதி வந்தது. "எனக்கு எழுபத்திரண்டுதானே. நல்ல நாடின்னு நீதானே சொன்னே?"

"நீ பெரிய ஆளு அண்ணா. இவனுக்கு முழிச்சிருக்கும்போது நூறுக்குக் குறையவே கூடாது. தூக்கத்திலேகூட தொண்ணூறாவது இருக்கணும். இவன் தலைக்குள்ள என்னமோ ஆகியிருக்கு. என்ன பண்ணினே இவனை?"

பதில் அண்ணியிடமிருந்து வந்தது. கிழிந்த உதட்டில் வார்த்தை சரியாக உருளவில்லை. "குலுக்கினாரு. வாயை மூடு, வாயை மூடுன்னு, ரெண்டு கையிலயும் பிடிச்சு. கழுத்து அப்படியும் இப்படியும் ஆடிச்சு. பிடுங்கப் போனேன், கையை முறிச்சிட்டாரு."

அண்ணன் நேராக வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். இந்த லட்சணத்தில் யாரும் எங்கேயும் போகவேண்டாம், சாயங்காலத்துக்குள் பையன் எழுந்துவிடுவான் என்றான். குரல் கெஞ்சலாகத்தான் இருந்தது. சிட்டு குழந்தையை ஒரு கையால் பிடரியும் தலையும், இன்னொரு கையால் முதுகும் தாங்கி, அசையாமல் தூக்கினாள். கதவை நோக்கி நடந்தாள்.

முதல் அறை கன்னத்தில். இரண்டாவது காதோடு. உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் குழந்தையின் தலையை மார்போடு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி முதுகைக் கொடுத்தாள். குத்துகள் முதுகில், விலாவில், பிடரியில் விழுந்தன. கடித்த நாக்கின் ரத்தம் வாயில் ஊறியது. அவளுக்கு அப்போது ஒரே நினைப்பு: இந்த உலுக்கலில் குழந்தையின் கழுத்து ஆடக்கூடாது. அண்ணன் அவள் முடியைப் பற்றி இழுத்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள், விடவில்லை.

அப்புறம் மண்டையில் இரும்பு மோதும் சத்தம். அண்ணி முறியாத கையால் வாணலியைத் தூக்கி வந்து அண்ணன் நெற்றிப்பொட்டில் இறக்கியிருந்தாள். அவன் முழங்காலில் சரிந்தான். அண்ணி மறுபடி ஓங்கினாள். மறுபடி. காதுமடல் கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. அவன் எழ முயலாமல் கையால் தலையை மறைத்துக்கொண்ட பிறகும் அவள் நிறுத்தவில்லை. இத்தனை வருஷத்துக் கணக்கும் அந்த ஒரு கையில் இருந்தது.

"அண்ணி, போதும். பிள்ளையைப் பாரு. தாழ்ப்பாளைத் திற."

பிள்ளை என்ற சொல்தான் அவளை நிறுத்தியது.

மாடியில் குடியிருந்த டாக்ஸிக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியை எடுத்தார். பாதி வழியில் உருண்டையின் வயிறு நின்றது. சிட்டு உள்ளங்காலைச் சுண்டினாள். அசைவில்லை. தலையை நேராக வைத்து, குழந்தையின் மூக்கும் வாயும் சேர்ந்து தன் வாய்க்குள் அடங்கும்படி பொருத்தி, தன் கன்னத்துக்குள் அடங்குகிற அளவு காற்றை மட்டும் ஊதினாள். மார்பு உயர்ந்தது. இன்னொரு தரம். ஊதின வாயிலிருந்து அவள் ரத்தம் குழந்தையின் கன்னத்தில் ஒட்டியது. புஜத்தில் விரல் வைத்தாள், துடிப்பு இருந்தது. அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். ஒரு விக்கலோடு அவனாகவே மூச்சை இழுத்தான். அண்ணி முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா குழந்தையை வாங்கும்போதே சிட்டு சொல்லிவிட்டாள்: நான்கு மாதம், குலுக்கியிருக்கிறார்கள், மூச்சு பதினான்கு, விட்டுவிட்டு, நாடி அறுபத்தெட்டு, உச்சி புடைத்திருக்கிறது, வழியில் மூச்சு நின்றது. டாக்டரம்மா மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். அறுபத்து நான்கு. நாடி இறங்கிக்கொண்டே போகிறது, தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்றார். அப்புறம் அவர்கள் ஓடிய ஓட்டத்தில் சிட்டு ஒதுங்கி நின்றாள். மூச்சுக் குழாய், ஸ்கேன், அறுவை அரங்கு.

அண்ணன் ஒரு மணி நேரத்தில் வந்தான், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெளியே போயிருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு. தொட்டிலிலிருந்து விழுந்தான் என்று சொல்லச் சொல்லி அம்மா அண்ணியின் காதில் முணுமுணுத்தாள். குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும், பெற்றவனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையை யாரை வைத்து வளர்ப்பாய் என்றாள். அண்ணி சிட்டுவைப் பார்த்தாள்.

எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரரிடம் சிட்டு நடந்ததைச் சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ சொல்றதுதான்," என்றாள். அண்ணன் பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்து அண்ணியின் கழுத்தைப் பிடித்தான். முறிந்த கை சுவரில் மோதி அவள் போட்ட அலறலில் வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இரண்டு காவலாளிகளும் போலீஸ்காரரும் சேர்ந்து அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, தரையில் முகத்தை அழுத்திப் பிடித்தார்கள். அவன் குழந்தை மாதிரி தேம்பினான். அம்மா சிட்டுவின் பக்கம் வந்து, அடிபட்ட அதே கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

உருண்டையின் தலைக்குள் தேங்கிய ரத்தத்தை எடுத்தார்கள். பல நாள் வலிப்பு வந்தது. பிழைத்தான். இடது கை விரல்கள் இறுகப் பிடிக்காது, பயிற்சி கொடுக்கக் கொடுக்கக் கொஞ்சம் தேறலாம் என்றார்கள். அண்ணியும் குழந்தையும் சிட்டுவும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரே அறை எடுத்துத் தங்கினார்கள். அம்மா அந்தப் பக்கம் வரவில்லை.

தண்டனை ஆன பிறகு சிட்டு ஒரே ஒரு தடவை சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் இளைத்து நின்றான். கிழிந்த காது கோணலாக ஆறியிருந்தது.

"எப்படி இருக்கான்?"

"சுவரைப் பிடிச்சு நிக்கிறான். சிரிக்கிறான். இடது கைதான் சரியா மூட வரல."

அவன் கேட்டுக்கொண்டான். அப்புறம் நெற்றியை வலையில் மோதினான். ஒரு தரம், பிறகு வேகமாக, வலை அதிர, நெற்றித் தோல் கிழிகிற வரைக்கும். காவலர் வந்து அவனை இடுப்போடு பிடித்து உள்ளே இழுத்தார். சிட்டு அவன் சத்தம் தூரமாகப் போகிறவரை இருந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் நிற்கும் இடம்வரை நடந்த பிறகுதான் அழுகை வந்தது. வந்த அழுகையை அங்கேயே நின்று அழுது முடித்தாள்.