பதினைந்தரை

ஏழாவது ஸ்டேஷனை வண்டி விட்டதும் அவள் மடியில் இருந்த தாளில் ஏழு என்ற எண்ணின் மேல் கோடு போட்டாள். எண்ணுக்குப் பக்கத்தில் 12.56 என்று அப்பா எழுதியிருந்தார். கைக்கடிகாரம் 12.57 காட்டியது. ஒரு நிமிஷம் தாமதம். இன்னும் ஒன்பது ஸ்டேஷன், நூற்று இருபத்தெட்டு நிமிஷம்.

கடிகாரம் அப்பாவுடையது. ஆணியால் வாரில் புதிதாக ஒரு துளை போட்டுக் கட்டிவிட்டிருந்தார். அவர் ஆஸ்பத்திரி லிஃப்ட் மெக்கானிக். மாற்றாள் வரும்வரை ஊரை விட்டு நகர முடியாது. அங்கே யார் எந்த லிஃப்டில் மாட்டிக்கொண்டாலும் ஓடிப்போய் விடுவிக்கிற மனிதர், இன்று தானே மாட்டிக்கொண்டு நின்றார். பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று அம்மா மூன்று நாள் முன்பே பாட்டி ஊருக்குப் போய்விட்டாள். பரீட்சை முடியட்டும் என்று இவளை விட்டுவிட்டுப் போனாள். நேற்று முடிந்தது. இன்று காலை எட்டு மணிக்கு அம்மாவின் போன்.

"பாட்டி உன்னையே கேட்டுட்டு இருக்காங்க. கட்டிலைத் தூக்கிச் சமையலறையில போடச் சொல்லிட்டாங்க, ஜன்னலுக்குக் கீழ. பொடிசு வர்ற வண்டி தெரியணுமாம். இன்னைக்கே கிளம்பி வந்துடு."

பதினோரு வயதுவரை அவள் தனியாகப் போன அதிக தூரம் தெருமுனை மருந்துக்கடை. அப்பா அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, எதிர் இருக்கையில் இருந்த அம்மாளிடம், "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு நாலடி நடந்தார். "சீக்கிரம் போய்ச் சேரு" என்றார், ஏதோ அவள்தான் வண்டியை ஓட்டுகிற மாதிரி.

பாட்டி முப்பது வருஷம் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவள். இந்தத் தடத்து ஸ்டேஷன்கள் வரிசையாக அவள் கையிலேயே இருந்தன. எந்தக் கடிதம் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று பார்க்காமலே போடுவாளாம். பேத்திக்கும் வரிசையைப் பழக்கிவிட்டாள், ஆனால் பெயர் சொல்லி அல்ல. மூன்றாவது, நின்றுபோன கடிகாரம். ஆறாவது, தொப்பிக்காரர். ஒன்பதாவது, தண்ணீர்த் தொட்டி. பதினாறாவதுதான் பாட்டியின் ஊர். வண்டியும் அங்கேயே முடிகிறது.

அதற்கு முன்னால் ஒன்று உண்டு. எந்த அட்டவணையிலும் இல்லாதது. பாட்டியின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஊர்ச் சிக்னல் நிற்கிறது. வண்டி நேரத்துக்கு வந்தால் நிற்காமல் போய்விடும். தாமதமாக வந்தால் பெரும்பாலும் அங்கே நிறுத்திவிடுவார்கள். நடுவில் ஒரு கம்பிவேலி, ஒரு சந்து, அவ்வளவுதான். பாட்டி கட்டம் போட்ட சமையலறைத் துண்டை ஜன்னலில் ஆட்டிக்கொண்டே கத்துவாள்: "எவ்ளோ நேரம் லேட்டு?" இவள் பெட்டியிலிருந்து நிமிஷத்தைக் கத்துவாள். பிறகு பாட்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியே ஸ்டேஷனுக்கு நடந்து, வண்டிக்கு முன்னால் பிளாட்பாரத்தில் வந்து நிற்பாள். அந்த ஜன்னலுக்கு அவள் வைத்த பெயர் பதினைந்தரை. நேரத்துக்கு வந்துவிட்ட நாட்களில், "என்ன இது, பதினைந்தரைல நிக்காம வந்துட்டீங்க" என்று கோபித்துக்கொள்வாள்.

இன்று அது வேண்டாம் என்று இவள் நினைத்துக்கொண்டாள். நேரத்துக்குப் போக வேண்டும்.

ஒன்பதாவதில் வண்டி நின்றது. 1.21க்கு வந்து 1.22க்குக் கிளம்ப வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாய் ஒன்று தூங்கியது. 1.25 ஆயிற்று. 1.30 ஆயிற்று. அவள் எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். முன்னால் சிக்னல் சிவப்பு.

"உக்காருமா" என்றாள் எதிர் இருக்கை அம்மாள். அவள் காஜா எடுப்பவள். மடியில் சட்டைகளை அடுக்கி வைத்து, வண்டி ஓடும்போதும் நிற்கும்போதும் ஒரே வேகத்தில் பொத்தான் துளைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். "நம்மள ஓரத் தடத்துல போட்டுட்டாங்க. எதிர்ல வேக வண்டி வருது. இருக்கறது ஒத்தத் தடம். அது இந்த ஸ்டேஷனைத் தாண்டினாத்தான் நமக்கு வழி."

"அது எப்ப வரும்?"

"வரும்போது வரும். அதுவும் இன்னைக்கு லேட்டு போல."

"எனக்கு மூணு அஞ்சுக்குப் போகணும்."

அம்மாள் ஊசியை நிறுத்தினாள். இவள் யாரைப் பார்க்கப் போகிறாள் என்று ஏற்றிவிடும்போதே அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். "எத்தனை சட்டை தைச்சிருக்கேன் இந்த வண்டியில. நான் சொல்றதக் கேளு. உன் தாளைக் காட்டு." பதினைந்துக்கும் பதினாறுக்கும் எதிரே விரலை வைத்தாள். "இங்க 2.46க்குக் கிளம்புது, அங்க 3.05க்குப் போகுது. பத்தொன்பது நிமிஷம் போட்டிருக்கான். நிஜமா ஓடுறது ஒன்பது நிமிஷந்தான். கடைசி ஸ்டேஷனுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கையில வச்சிருப்பாங்க, லேட்டை ஈடுகட்ட. பத்து நிமிஷம் உனக்குத் திரும்பக் கிடைக்கும்."

அவளுக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வேக வண்டி 1.40க்குத் தடதடவென்று கடந்து போனது. ஸ்டேஷன்காரர் பச்சைக் கொடியை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த ஸ்டேஷனைக் கேட்டு, வழி வாங்கி, சிக்னல் பச்சையாகி, இவர்கள் வண்டி நகரும்போது 1.44. இருபத்திரண்டு நிமிஷம் தாமதம். தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். இருபத்திரண்டில் பத்து போனால் பன்னிரண்டு. 3.17.

3.17 என்றால் வேறொன்றும் உண்டு. 3.20க்கு எதிர்த்திசையிலிருந்து எக்ஸ்பிரஸ் பாட்டியின் ஊருக்குள் நுழையும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். எக்ஸ்பிரஸ் உள்ளே வந்து நிற்கும்வரை இது சிக்னலில்தான் நிற்கும். பதினைந்தரையில். கட்டில் ஜன்னலுக்குக் கீழே கிடக்கிறது. பாட்டி தலையைத் திருப்பினால் போதும்.

அதனால் நேரத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசையும், தாமதமாகவே போகலாமே என்ற ஆசையும் அவளுக்குள் மல்லுக்கட்டின. வெட்கமாகக்கூட இருந்தது. பாட்டி எழுந்து துண்டு ஆட்ட வேண்டாம். சும்மா பார்த்தால் போதும். பன்னிரண்டு என்று கத்த வேண்டும்.

பதினோராவது ஸ்டேஷனைத் தாண்டியபோது பையில் இருந்த பழைய போன் அடித்தது. அப்பா.

"எங்கம்மா வந்திருக்க?"

"பதினொண்ணு முடிஞ்சதுப்பா. இருபத்திரண்டு நிமிஷம் லேட்டு. ஆனா பத்து நிமிஷம் திரும்பக் கிடைக்கும். மூணு பதினேழு."

போனில் அப்பாவுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அப்பா?"

"சரிம்மா. சாப்டியா?"

"சாப்டேன். பாட்டி எப்படி இருக்காங்க?"

"மாத்தாள் வந்துட்டான். நான் அடுத்த பஸ்ல கிளம்பிடறேன். நீ மெதுவா வா. ஒண்ணும் அவசரம் இல்ல."

போனைப் பைக்குள் வைத்தாள். காலையிலிருந்து சீக்கிரம், சீக்கிரம் என்றவர். வண்டியோடு நடந்துகொண்டே அதைத்தான் சொன்னவர். அவசரம் இல்ல என்று எப்போது சொல்வார்கள் என்று அவள் யோசிக்க ஆரம்பித்தாள், பிறகு யோசிக்க மாட்டேன் என்று நிறுத்திக்கொண்டாள். பன்னிரண்டாவது வந்தது. கோடு போட்டாள். பதின்மூன்றாவது வந்தது. கோடு போட்டாள்.

காஜா அம்மாள் பதினான்காவதில் இறங்கினாள். இறங்குமுன் சட்டை மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "யாரு போன்ல?" என்றாள்.

"அப்பா. மெதுவா வரச் சொன்னாங்க."

அம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் தலையில் கையை வைத்தாள், கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. "வண்டி நின்னாலும் ஸ்டேஷன் வராம இறங்கிடாத கண்ணு, என்ன?" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

பதினைந்தாவதை 3.08க்கு விட்டது. சொன்னபடியே ஓடியது. செங்கல் சுவர், மரக்கடை, துணி காயும் மொட்டை மாடிகள். பிறகு பிரேக் பிடிக்கும் சத்தம் ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து வந்தது. வண்டி நின்றது. 3.17.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தது. பெட்டி உயரத்திலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும். அடுப்பு மேடை. கவிழ்த்து வைத்த பாத்திரங்கள். ஜன்னலுக்குக் கீழே கட்டில். கட்டிலில் வெள்ளைப் போர்வை கால் முதல் தலைவரை இழுத்து விடப்பட்டிருந்தது. தலையணை ஓரத்தில், யாராவது எடுத்துக் கொடுக்க வசதியாக, கட்டம் போட்ட துண்டு மடித்து வைத்திருந்தது.

யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். இவ்வளவு கிட்டத்தில் வந்து இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள். இறங்கினால் இருபதடி. வேலியில் ஓட்டைகூட இருக்கிறது. அவள் இறங்கவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டோ என்னவோ, உள் அறையிலிருந்து அம்மா வந்தாள். தலை கலைந்திருந்தது. ஜன்னலுக்கு வந்து, பெட்டி பெட்டியாகத் தேடி, இவளைக் கண்டுபிடித்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அம்மா குனிந்து, தலையணை ஓரத்திலிருந்த துண்டை எடுத்தாள். அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஒரு தரம் ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள்.

"பன்னெண்டு நிமிஷம்" என்று கத்தினாள் அவள். குரல் பாதியில் உடைந்தது. "பன்னெண்டு நிமிஷம் லேட்டும்மா."

அம்மா தலையசைத்தாள். கட்டிலை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். ஜன்னலை விட்டு நகர்ந்து காணாமல் போனாள்.

தூரத்தில் எக்ஸ்பிரஸ் ஊருக்குள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. 3.23க்குச் சிக்னல் மாறியது. வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தபோது, சந்தில் அம்மா செருப்பில்லாமல், தோளில் துண்டோடு, ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.