டோஸ்டரில் ஒட்டிய ரொட்டிக் கவர்

உதவி மையத்தில் அவளுக்குப் 'பஞ்சு' என்று பட்டப்பெயர். எப்பேர்ப்பட்ட கோபக்காரர் போன் செய்தாலும் அவளிடம் வந்ததும் பஞ்சு மூட்டையில் விழுந்த கல் மாதிரி சத்தம் அடங்கிப்போவார் என்று மேற்பார்வையாளரே வைத்த பெயர் அது. மிக்ஸி ஓடவில்லை, இஸ்திரிப் பெட்டி சுடவில்லை என்று கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து ஊரிலுள்ளவர்கள் எல்லாம் கூப்பிடுவார்கள். திட்டுவார்கள். பஞ்சு எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்பாள். இஸ்திரிப் பெட்டியைத் தண்ணீரில் முக்கிக் கழுவிய ஆளிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

காலையிலிருந்து இப்படித் தேனாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனால், வாயைத் திறக்கவே தோன்றாது. வீட்டில் கணவன் இருக்கிறான். அவன் கேட்டதற்குத் தலையசைத்தால் போதும். மாமியார் இருக்கிறார். மூத்த மகன் வீட்டில் இருந்தவர், இந்த வருடம்தான் இங்கே வந்தார். அவரிடம் மருமகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. ஒரு வார்த்தை நேராகப் பேசியதும் இல்லை என்பது அவளுக்கு உறைத்ததில்லை. போன மாதம் மாமியார் மிக்ஸி ஜாரைக் கீழே போட்டு உடைத்தபோது, முகத்தைக்கூடச் சுளிக்காமல் சில்லுகளைப் பெருக்கி அள்ளிக் கொட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எந்த மருமகள் இப்படி இருப்பாள் என்று அன்றைக்குத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அன்று முற்பகலில் வந்த அழைப்பை எடுத்ததும் காது கிழிந்தது.

"ஹலோ! அங்க யாராச்சும் இருக்கீங்களா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை ஏதோ ஓட்டைக் குழாய் மாதிரி நினைத்துக் கத்துகிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். மாமியாருக்குக் காது மந்தம். போனில் எந்தக் குரலும் அவருக்கு ஒரே குரல்தான். சொந்த மகனையே யார் என்று இரண்டு தரம் கேட்பவர். மருமகள் ஏதோ போன் ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். யாருக்காக, எதற்காகப் பேசுகிறாள் என்று அவர் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. சொந்தக்காரர் யாராவது அழைத்தால் அடுத்த இருக்கைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது அலுவலக விதி. தள்ளிவிடப் பொத்தானில் விரலை வைத்துவிட்டாள்.

"டோஸ்டர்ல ரொட்டிக் கவர் ஒட்டிக்கிச்சும்மா. பக்கத்துலயே கெடந்துச்சு, சாஞ்சு போய் அப்பிக்கிச்சு. இழுக்க இழுக்க நூல் நூலா வருது. என் மருமக வர்றதுக்குள்ள இது போகணும்."

விரல் பொத்தானிலிருந்து தானாக விலகியது. மருமகள் திட்டுவார்களா அம்மா என்று, கேட்கக்கூடாத கேள்வியைப் பஞ்சு கேட்டாள்.

"திட்டினாத்தான் தேவலையே. ரெண்டு வார்த்தை திட்டிட்டா எனக்கு நிம்மதியா இருக்கும். அவ ஒண்ணுமே சொல்ல மாட்டா. ஜாரை உடைச்சேன், என்னைப் பாக்காமலே பெருக்கிட்டுப் போயிட்டா. ராத்திரி பூரா தூக்கம் இல்ல எனக்கு. இதையும் பாத்துட்டு அவ அப்படிப் போனா, நான் பெரியவன் வீட்டுக்கே போயிடுறேன். பெட்டி கட்டி வெச்சாச்சு."

இத்தனை நாள் பெருந்தன்மை என்று நினைத்துப் பஞ்சு வீட்டில் பரிமாறியது அங்கே தண்டனையாக இறங்கியிருக்கிறது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை. இந்த அம்மாள் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தாள். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வரும் பாத்திரச் சத்தமும், டிவியில் யாரையோ அவர் வைது கொண்டிருப்பதும் இல்லாத வீடு. அவர் போகக்கூடாது. போகாமல் இருக்க வேண்டுமென்றால் இப்போதைக்கு அந்தக் கவர் போக வேண்டும்.

"முதல்ல சுவத்துல ஸ்விட்சை அணைச்சிட்டு ப்ளக்கைப் பிடுங்குங்கம்மா. ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"கத்தி."

கத்தியைக் கீழே வைக்கச் சொன்னாள். சூடு இருக்கும்வரை பிளாஸ்டிக் களி மாதிரி இழுபடும், துடைத்தால் இன்னும் பரவும், விரலில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். கத்தி போட்டால் எவர்சில்வரில் கீறல் விழும், அது ஜென்மத்துக்கும் போகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டதற்கு, கூடவே கூடாது என்றாள். தானாக ஆறட்டும், பக்கத்தில் கை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும், அதற்குள் நானே கூப்பிடுகிறேன் என்றாள். மாமியார் போனை வைக்க மாட்டேன் என்றார். வைத்தால் வேறு யாராவது எடுப்பார்கள், நீதான் நன்றாகப் பேசுகிறாய் என்றார். அவளிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சத்தியம் செய்து ஒருவழியாகப் போனை வைக்கவைத்தவள், தேநீர் இடைவேளையில் டீயைக் குடிக்காமல் தானே அழைத்தாள். டோஸ்டர் ஆறியிருந்தது. ஐஸ் கட்டிகளை ஒரு பையில் போட்டு இறுகக் கட்டி, துணியில் சுற்றி, டோஸ்டரைக் கவர் ஒட்டிய பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்துப் படுக்கவைத்து, அதன்மேல் வைக்கச் சொன்னாள். ரொட்டி போடும் பொந்துக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. குளிர்ந்தால் பிளாஸ்டிக் விறைத்துக்கொள்ளும். அப்புறம் மரக்கரண்டியின் விளிம்பால் ஓரத்தில் நெம்ப வேண்டும்.

மறுமுனையில் மரக்கரண்டி உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "அட, புண்ணுப் பொருக்கு மாதிரி பேந்து வருதும்மா" என்று மாமியார் குழந்தையாகக் குதூகலித்தார். மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கவர் போய்விட்டது. ஆனால் கவரில் அச்சடித்திருந்த சிவப்பு எழுத்து டோஸ்டர்மேல் தலைகீழாக ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு, வெறும் எவர்சில்வரில் மட்டும் துடைக்க வேண்டும், பிளாஸ்டிக் கைப்பிடியில் பட்டால் அது கெட்டுவிடும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரியக்கூடாது என்றாள். 

"அதெல்லாம் மருமக ரூம்ல இருக்கும். எங்கன்னு நான் போய்த் துழாவறது?"

"கண்ணாடி மேசையில, ரெண்டாவது இழுப்பறை, சீப்புக்குப் பின்னாடி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எல்லா வீட்லயும் அங்கதாம்மா இருக்கும்."

மாமியார் அதை அப்படியே நம்பினார். எழுத்து அழிந்தது. ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம் துடைத்து, ஒரு துணுக்குகூட ஒட்டியில்லை என்று பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மறுபடி ப்ளக்கைச் செருக வேண்டும், மிச்சமிருந்தால் புகையும் என்று சொல்லி முடித்தாள். உன் வயிற்றில் பிறக்கிற பிள்ளை நன்றாக இருக்கும் என்று மாமியார் வாழ்த்தினார். பஞ்சு முறைப்படி மன்னிப்புக் கேட்டு, முறைப்படி நன்றி சொன்னாள்.

அழைப்பு முடிந்ததும் மதிப்பெண் கேட்கும் இயந்திரக் குரல் வரும். மோசம் என்றால் ஒன்று, பிரமாதம் என்றால் ஐந்து. மாமியாருக்கு அந்தக் குரல் எங்கே விளங்கியிருக்கப் போகிறது. எண்ணை அழுத்து என்றது மட்டும் காதில் விழ, தன் மனதில் முதலிடம் இவளுக்குத்தான் என்று ஒன்றை அழுத்தியிருக்கிறார். நெடுநேரம் பேசியதற்கும் சேர்த்து மேற்பார்வையாளர் பஞ்சுவை அறைக்குள் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினார். அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பழக்க தோஷம்.

சாயங்காலம் வீடு திரும்பும் வழியெல்லாம், இன்றைக்கு அத்தையிடம் நன்றாகப் பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். மாமியார் சமையலறை வாசலில் விறைப்பாக நின்றிருந்தார். மேடைமேல் டோஸ்டர் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது, மற்ற பக்கமெல்லாம் பழைய அழுக்கு.

"டோஸ்டர் பளபளன்னு இருக்கே அத்தை" என்றாள், அலுவலகத்துத் தேன் குரலில்.

மாமியாருக்கு முகம் செத்துப்போனது. குப்பைக் கூடையில் கிடக்கும் உருகிய கவரைக் கண்டுபிடித்துவிட்டாள், இப்போது குத்திக்காட்டுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டது அப்பட்டமாகத் தெரிந்தது. விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் தரையில் கரகரத்தது.

மருமகள் பின்னாலேயே ஓடினாள். ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் தேன் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றன. ஒன்றும் உதவாது என்று தெரிந்துவிட்டது. திட்டினால் தேவலை என்று காலையில் காதில் விழுந்ததை நினைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"சூடா இருக்கறது பக்கத்துல யாராச்சும் கவரை விட்டு வெப்பாங்களா? கை பொசுங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வீட்ல ஆள் இல்லாத நேரத்துல அறிவு வேண்டாமா ஒரு மனுஷிக்கு?"

மாமியார் பெட்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"யாருக்குடி அறிவில்ல? காலையில தின்னுட்டு கவரை அங்கேயே போட்டுட்டுப் போனது யாரு? ரொட்டியை எடுத்தா மூடி வெக்கத் தெரியாதா உனக்கு?"

"எடுத்து உள்ள வெச்சா உங்க கை தேஞ்சா போயிடும்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. வருடம் முழுக்கச் சேர்ந்து கிடந்தது எல்லாம் அன்றைக்கே வந்தது. ஈரத்துண்டைக் கதவில் போடுவது, டிவி சத்தம், உடைந்த ஜார், இவளது உம்மென்ற முகம், எல்லாம். கணவன் வந்தபோது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. பதறிப்போய் அவன் சமாதானம் செய்ய நடுவில் நின்றான். இது எங்கள் விஷயம், நீ போய்க் கை கால் கழுவு என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அவனை விரட்டினார்கள்.

சாப்பிட்டு முடித்து அவள் பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்தாள். கூடத்தில் மாமியார் மூத்த மகனோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். கட்டிய தொண்டையிலும் வழக்கம்போல் தெருவுக்கே கேட்டது. டோஸ்டர் கதை முழுவதையும் சொன்னார். போனில் பேசிய பெண் தங்கமான பெண், அவளைப் பெற்றவள் புண்ணியம் செய்தவள் என்றார். மருமகள் குழாயை மெல்லச் சின்னதாக்கினாள்.

"ஆனா அவ கூடல்லாம் ஒரு வீட்ல இருக்க முடியாதுடா. எதுக்கெடுத்தாலும் மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்கன்னு. மனசுல என்ன நினைக்கிறான்னே தெரியாது. நான் அங்க வரல. இங்க இவ இன்னைக்குத்தான் வாயைத் தொறந்திருக்கா. நாளைக்கு இவளுக்குச் சொல்ல எனக்கு இன்னும் பாக்கி இருக்கு."