கழுவாத வால்

நான்கு முறை சினை ஊசி போட்டும் எங்கள் அக்காளின் செவலைப் பசு சினைப்படவில்லை. ஐந்தாவது முறையும் பொய்த்தால் அதனை இறைச்சித் தரகரிடம் ஒப்படைப்பதென மாமா உறுதி பூண்டிருந்தார். அக்காளோ அப்பசுவைக் கன்றிலிருந்து வளர்த்தவள்.

செவலை மீண்டும் பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கியபோது, கால்நடை மருத்துவர் அம்மையார் தாமே தொழுவத்திற்கு வந்தார். அவர் உடனே ஊசியை எடுக்கவில்லை, முதலில் வினவினார்.

"ஒவ்வொரு தடவையும் சரியான இடைவெளியிலதான் பருவத்துக்கு வருதா?"

"கடிகாரம் தோத்துரும் டாக்டரம்மா," என்றாள் அக்காள்.

மாமா குறுக்கிட்டார்: "வர்றதுல குறையே இல்ல. சினை நிக்கிறதுலதான்!"

மருத்துவர் பசுவின் பின்புறம் வடிந்த பிசின்போன்ற வழும்பைக் கண்ணாடிக் குழாயில் ஏந்தி, காரக் கரைசல் சேர்த்துச் சூடாக்கினார். மஞ்சள் நிறம் தோன்றவில்லை. ஆகவே கருப்பையில் சீழில்லை. நீண்ட கையுறை அணிந்து உள்ளே தடவிப் பார்த்தார், கருப்பையிலும் குறையில்லை, சினைப்பையில் முட்டைக் குமிழ் முதிர்ந்திருந்தது. உறைவிந்துக் குச்சியை வெதுவெதுப்பான நீரில் இளக்கி, உரிய நேரத்தில் செலுத்தினார்.

"இதைத்தான முன்னாடி வந்தவரும் செஞ்சாரு?" என்றார் மாமா.

"ஆமா, அவரு தப்பு பண்ணல. மறுநாள் மாடு எப்படி இருக்கும்?"

அக்காள் பெருமையுடன், "பளிச்சுனு இருக்கும். விடியறதுக்குள்ள வாலெல்லாம் கழுவி விட்டுருவேன்," என்றாள்.

மருத்துவர் நிமிர்ந்தார். "நாளைக்கு நான் வர்ற வரைக்கும் வாலுல தண்ணி ஊத்தாதீங்க. குடிக்கக் கொடுங்க, கழுவாதீங்க."

"ஐயோ, பாக்குறவங்க என்னைத்தான் சோம்பேறின்னு சொல்லுவாங்க!"

"என் பேரைச் சொல்லுங்க."

யாரும் அழையாமலே மறுநாள் அவர் வந்தார். செவலையின் வாலில் புதிய வழும்பு கண்ணாடிச் சரடாகத் தொங்கிற்று. பருவம் இன்னும் அடங்கவில்லை என்பதற்கு, அக்காள் ஒவ்வொரு முறையும் கழுவி அகற்றிய சான்று அதுவே! மருத்துவர் மீண்டும் கைவிட்டுச் சினைப்பையைத் தொட்டார். முந்தைய நாள் உணர்ந்த முட்டைக் குமிழ் உடையாமல் அப்படியே இருந்தது.

"முட்டை லேட்டா வெளிய வருது. அதுக்குள்ள போட்ட விந்து வீரியம் போயிருது," என்றவர், குமிழை உடைக்கும் ஹார்மோன் ஊசி போட்டு, இரண்டாம் குச்சியையும் செலுத்தினார். குறை பசுவிடத்தும் இல்லை, ஊசிக்காரரிடத்தும் இல்லை, காலம் பிறழ்ந்திருந்தது. அதனைக் கண்டறிய மறுநாளும் வந்து பார்க்கும் பொறுமை ஒருவருக்கு வேண்டியிருந்தது. அத்தகைய பொறுமையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அடுத்த பருவம் வரவேண்டிய நாளில் செவலை அமைதியாக அசைபோட்டது. மாமா அன்று மும்முறை தொழுவத்தை எட்டிப் பார்த்தார். சில வாரங்கள் கழிந்தபின் மருத்துவர் கைவைத்துப் பார்த்து, "சினைதான்," என்றார்.

மாமா தரகரின் எண்ணைக் கைப்பேசியிலிருந்து அழித்தார்.

அக்காள் கண்களைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

"டாக்டரம்மா, இனிமேலாவது கழுவலாமா?"