தரம் உயரும் நகராட்சி

ஆணையரம்மா ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்பது எதிர்வீட்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஊர் தன் பங்குக்கு ஊழல், சர்க்கரை, மாமியார் என்று மூன்றையும் சொல்லிப் பார்த்தது. பாவம், உண்மையான காரணம் அவள் மேஜையில் கிடந்த ஒரு கோப்பு.

புதிதாக எழும்பிய பெரிய வணிக வளாகத்துக்குச் சொத்துவரி நிர்ணயிக்கும் கோப்பு அது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட்டால் நகராட்சியின் வருமானம் எகிறும். மூன்று வருடச் சராசரி, அரசு போட்ட கோட்டைத் தாண்டும். முதல் நிலை நகராட்சி, அடுத்த படியான தேர்வு நிலை ஆகிவிடும். ஊருக்கு நல்லதுதான். ஆனால் தேர்வு நிலை நாற்காலிக்கு அவளைவிட ஒரு படி மேலான ஆணையர் வரவேண்டும். இவள் பெட்டியைக் கட்டவேண்டும்.

வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து, இந்த ஊர் இயன்முறை வைத்தியர் கையில்தான் இப்போது சுவரைப் பிடித்து நாலு எட்டு வைக்கிறார். எங்கேயோ ஒரு ஊருக்கு மாற்றினால் மறுபடி படுக்கைதான் என்று அவளுக்குப் பயம்.

அதனால் ஒவ்வொரு வாரமும் கோப்பில் ஒரு கேள்வி எழுதினாள். தளப் பரப்பை மறுபடி அளக்கவும். வாகன நிறுத்தம் சேர்ந்ததா எனத் தெரிவிக்கவும். வருவாய் ஆய்வாளர் அளவு நாடாவோடு அந்தக் கட்டடத்துக்கே குடிபோனது போல அலைந்தார்.

"என்னம்மா, கட்டடம் வளர்ந்துடப் போகுதுன்னு பயமா?" என்று கேட்டும் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

சுகாதார ஆய்வாளர்தான் அவள் மனசை அறுத்தார். ஊர் முழுக்க அவர் ஒருத்தர்தான். முதல் நிலைக்கு அரசு அனுமதித்த பணியிடம் அவ்வளவே.

"அம்மா, மேட்டுத்தெரு கழிவுநீர் மோட்டார் இழுக்கல. வீட்டு வாசல்ல தேங்குது."

"புதுசு வாங்க மதிப்பீடு போட்டாச்சே."

"அது நம்ம மன்றத்தோட செலவு வரம்பைத் தாண்டுதுன்னு மேலிடத்துக்குப் போயிருக்கு. எப்ப வரும்னு அந்த மோட்டாரைத்தான் கேக்கணும்."

"மோட்டார் தனி, குழாய் தனின்னு பிரிச்சுப் போட்டா வரம்புக்குள்ள வந்துடுமே?" என்றார் பக்கத்தில் நின்ற பொறியாளர்.

"போன தணிக்கைல அதுக்கு வாங்கின ஆட்சேபணை இன்னும் என் தலைல இருக்கு. வேண்டாம்," என்றாள் அவள்.

"தேர்வு நிலை வந்தா வரம்பும் ஏறும், எனக்குத் துணைக்கும் ஆள் வரும்," என்றார் சுகாதார ஆய்வாளர். "நீங்கதாம்மா மனசு வைக்கணும்." அவருக்குக் கோப்பு விஷயம் தெரியாது. தெரிந்தமாதிரி அவளுக்குப் பட்டது.

எப்படியோ நிதியாண்டு முடிந்தது. புது வருடக் கணக்கு தொடங்கியதும் முதல் வேலையாக அவள் கோப்பில் கையெழுத்துப் போட்டாள். இனி இந்த வரி புது வருட வருமானம். அடுத்த சராசரிக்குத்தானே வரும், அதற்குள் வீட்டுக்காரர் நடந்துவிடுவார் என்று கணக்கு. அன்றிரவு எதிர்வீட்டுக்கே விளக்கு சீக்கிரம் அணைந்தது தெரிந்தது.

சில நாளில் கணக்கர் பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்தார்.

"தாண்டிட்டோம்மா. தேர்வு நிலை."

"எப்படி? மானியத்தையும் கடனையும் சேர்த்துட்டீங்களா? அது வருமானத்துல வராது."

"அந்தத் தப்பை நான் பண்ணுவேனா? கடைக்காரங்க கட்டின வைப்புத்தொகையக்கூடச் சேர்க்கல. வளாகத்து வரிதாம்மா. கட்டி முடிச்ச அரையாண்டுலருந்து விதிக்கணுமே. அது போன வருஷம். நான் கணக்கை இன்னும் மூடல, அங்கயே சேர்த்துட்டேன். நீங்க மட்டும் சீக்கிரம் கையெழுத்துப் போடாம இருந்திருந்தா, மூடியிருப்பேன், விட்டுப்போயிருக்கும்."

இத்தனை வருடம் வரி விதித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். பயம் கண்ணை மறைத்தது, அவ்வளவே.

"மன்றக் கூட்டத்துல தீர்மானத்துக்குப் பொருள் வெச்சு, மேலிடத்துக்கு முன்மொழிவு அனுப்பணும். நீங்கதான் தயார் பண்ணணும்."

நிறுத்தி வைக்க இன்னும் வழிகள் உண்டு. ஒரு கேள்வி எழுதினால் போதும், கணக்கர் ஒரு மாதம் சுற்றுவார். அவள் பேனாவை எடுத்தாள். ஜன்னல் வழியே சுகாதார ஆய்வாளர் முழங்கால்வரை நனைந்த பேண்ட்டோடு வண்டியை நிறுத்துவது தெரிந்தது. நாற்றம் அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்தது.

முன்மொழிவின் பணியிடப் பட்டியலில் சுகாதார ஆய்வாளர் எதிரே கூடுதல் இடம் கேட்டு எழுதினாள். மேல் வரியில் ஆணையர் பதவியை உயர்த்தக் கேட்டு எழுதினாள். அந்த வரி கோணலாக விழுந்தது.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அரசாணை வர மாசக்கணக்கு ஆகும்ல?"

"ஆகும். நிச்சயமா எப்பன்னு சொல்ல முடியாது."

"சரி, அப்ப நாளைலருந்து வைத்தியரைக் காலைலயும் வரச் சொல்லு," என்றார். கையைச் சுவரிலிருந்து எடுக்கப் பார்த்தார். அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், ஆனால் கைகொடுத்துத் தாங்கவில்லை.