எக்ஸ்ரே அறைச் சுவர்

காண்டிராக்டருக்கு ஊர் வைத்த பெயர் 'ஆயிடும்'. சுவரே எழும்பாத இடத்தில் நின்றுகொண்டு "பெயிண்ட் எப்போ?" என்று கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பார். ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. எதிரே நிற்பவர் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது, அவ்வளவுதான்.

அந்த இளகிய மனசுக்கென்றே அவர் கண்டுபிடித்த தொழில்முறை 'சத்த வேலை'. வேலை நின்றுபோன நாளில் கட்டடத்துக்குச் சொந்தக்காரரின் கார் வாசலில் வந்து நின்றால் போதும், மேஸ்திரி உளியை எடுத்து எங்கேயாவது தட்ட ஆரம்பித்துவிடுவார். மணல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகும். சொந்தக்காரர் மனம் குளிர்ந்து கிளம்புவார். அடுத்த முறை அவர் வரும்போது மணல் பழைய மூலைக்கே திரும்பும். மேஸ்திரி காண்டிராக்டரின் மனைவிக்கு அண்ணன் என்பதால் வெளியே விஷயம் கசிந்ததில்லை.

இப்போது நின்றுபோயிருந்தது பல் டாக்டரம்மாவின் கிளினிக். முன்னறை பளபளத்தது. எக்ஸ்ரே அறை மட்டும் செங்கல் தெரிய நின்றது. அந்த அறையின் வரைபடத்துக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம் இன்னும் அனுமதி தரவில்லை. அது வந்தால்தான் கதவு எந்தப் பக்கம் என்பதே உறுதி. கதிர் வெளியே கசியாமலிருக்கச் சுவரில் பதிக்கவேண்டிய ஈயத் தகடும் வந்து சேரவில்லை.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டங், டங் என்று மேஸ்திரி தொடங்கினார்.

"பரவாயில்லையே, வேலை மும்முரமா நடக்குது போல!" என்றபடி டாக்டரம்மா உள்ளே வந்தார். "திறப்பு விழாத் தேதி போட்டு அழைப்பிதழ் அடிக்கக் குடுக்கப்போறேன். எக்ஸ்ரே ரூம் அதுக்குள்ள முடிஞ்சிடுமில்ல?"

"ஆ..." என்று காண்டிராக்டர் வாயைத் திறந்தார்.

டாக்டரம்மா தொழில் பழக்கத்தில் சட்டென்று குனிந்து உள்ளே பார்த்தார். "கடைவாய்ப் பல்லு. எத்தனை தடவை சொல்றேன், வந்து காட்டுங்கன்னு?"

மிச்சமிருந்த 'யிடும்' அந்தப் பல்லிலேயே சிக்கிக்கொண்டது. அழைப்பிதழ் அச்சாகும், ஊரே கூடும், உள்ளே செங்கல் பல்லிளிக்கும். உண்மையைச் சொன்னால் இந்த வேலையே கைவிட்டுப் போகலாம்.

"மச்சான், தட்டினது போதும்" என்றார் காண்டிராக்டர்.

"நெஜமாவா மாப்ள?" உளி அந்தரத்தில் நின்றது.

"வேலை நிக்குது டாக்டர். அனுமதி வரலை. தகடும் வரலை. ரெண்டும் வர்றவரைக்கும் அந்தச் சுவரை நான் தொடமாட்டேன். விழாத் தேதியும் இப்போ குறிக்காதீங்க."

டாக்டரம்மாவின் முகம் வாடியது. பிறகு சிவந்தது. "எதிர்த்த தெருக் காண்டிராக்டர் நாளைக்கே பூசித் தர்றேங்கறாரு. அவரையே கூப்பிட்டுக்கவா?"

"பூசிடலாம் டாக்டர். அப்புறம் தகடு வைக்க மொத்தத்தையும் உடைக்கணும். சொத்தையை எடுக்காம மேலாப்புல அடைச்சு அனுப்பினா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"அடைச்சவனை உதைக்கணும்னு சொல்லுவேன்."

"நாளைக்கு அந்த உதை எனக்கு வேணாம் டாக்டர்."

உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்ததை டாக்டரம்மா மறைத்துக்கொண்டார். "அனுமதி எதனால நிக்குது?"

"மெஷினோட சான்றிதழ் கேக்கறாங்க. வித்த கம்பெனி இன்னும் அனுப்பலை. நான் போன் பண்ணினா..." காண்டிராக்டர் தலையைச் சொறிந்தார். "'ஆயிடும் சார்'ங்கறாங்க."

மேஸ்திரி சிரிப்பை அடக்கமுடியாமல் மணல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா போனை எடுத்தார். காசு கொடுத்து மெஷின் வாங்கியவர் பேசும் பேச்சே தனி. கம்பெனிக்காரருக்கு மயக்க ஊசி போடாமலே வைத்தியம் நடந்தது. சான்றிதழ் அன்றே போய்ச் சேர்ந்தது. அடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டார். "இப்போ அடிக்கவேணாம், நிறுத்தி வைங்க." பிறகு திரும்பி, "தகடு?" என்றார்.

"லாரியில ஏறினதும் சொல்றேன். அதுக்கு முன்னாடி எதுவும் சொல்லமாட்டேன்."

"இவ்வளவு நாளா இப்படிப் பேச வராதா உங்களுக்கு?"

அனுமதி வந்தது. கதவு இடம் மாறத்தான் வேண்டியிருந்தது. பூசியிருந்தால் தெரிந்திருக்கும் சேதி. தகடு வந்தது. இணைப்பில் மயிரிழை இடைவெளிகூட விடாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பதித்து, பிறகுதான் பூசினார்கள். மெஷினை ஓடவிட்டு வெளியே கதிர்வீச்சு அளக்கும் கருவியுடன் நின்று சோதித்த அதிகாரி, "துளி கசிவு இல்லை" என்றபோது மேஸ்திரி விசிலடித்தார். "அடுத்த கிளினிக்கும் உங்களுக்குத்தான்" என்றார் டாக்டரம்மா.

திறப்பு விழாவில் முதல் நோயாளி யார் என்று கேட்கவே வேண்டாம். கன்னம் வீங்கிய காண்டிராக்டரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"இன்னிக்குப் பிடுங்கமாட்டேன். முதல்ல வீக்கம் வடியட்டும். அதுவரைக்கும் வேலை நிக்குது."

வெளியே காத்திருந்த மேஸ்திரி ஓடிவந்தார். "பல்லு ஆயிடுச்சா மாப்ள?"

"நிக்குது மச்சான்!" என்றார் காண்டிராக்டர், பந்தயத்தில் கோப்பை ஜெயித்தவர் மாதிரி, வீங்காத கன்னம் முழுக்கச் சிரிப்போடு.