கவர் போட்ட கரடி

கரடிப் பொம்மையின் மேல் பாலிதீன் கவர். கவரின் மேல் கஸ்தூரியின் கை. பார்த்ததுமே திருவேங்கடத்துக்குத் தலை கனத்தது.

துபாயிலிருந்து அவள் அண்ணன் லட்சுமணன் அனுப்பிய பொம்மை அது. அழுக்காகிவிடும் என்று கஸ்தூரி கவரைப் பிரிக்காமலே ஷோகேஸில் வைத்துவிட்டாள். பையனின் பிறந்தநாள் போட்டோவில் பொம்மை இல்லாததைப் பார்த்த லட்சுமணனுக்கு மூக்கின்மேல் கோபம். காதுகுத்துக்கு மடி கொடுக்கத் தாய்மாமன் வருவானா என்பதே சந்தேகமாகிவிட்டது. மறுபடி போட்டோ எடுக்கலாமென்றால், பையனுக்குத் திருப்பதியில் மொட்டை போட்டாகிவிட்டது.

பழைய போட்டோவில் பொம்மையைச் சேர்த்தாக வேண்டும். பூந்தமல்லியில் அப்போது கம்ப்யூட்டர் இருந்த ஒரே ஸ்டுடியோ திருவேங்கடத்தினுடையது.

அவன் போட்டோவை உற்றுப் பார்த்தான். பிளாஷ் இடப்பக்கத்திலிருந்து அடித்திருந்தது. பையனின் நிழல் வலப்பக்கச் சுவரில் கறுப்பாக விழுந்திருந்தது. பொம்மைக்கும் அதே பக்கம் பிளாஷ் வைத்தான். படத்தில் கரடியைக் காணோம். கவர்தான் வெள்ளையாகப் பளீரென்று எரிந்தது.

கவரைக் கழற்றச் சொன்னான். அவள் அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். படத்தில் கவரோடு விழுந்தால் குழந்தை தொடவேயில்லை என்று உன் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார் என்று அவன் சொன்ன பிறகே அவள் கை இறங்கியது.

மறுநாள் கஸ்தூரி பையனோடு வந்தாள். திரையில் பையன் பக்கத்தில் கரடி உட்கார்ந்திருந்தது. அதன் நிழலும் சுவரில் பையனின் நிழலோடு ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ஆனாலும் அவள் முகம் சுளித்தாள்.

“இன்னா அண்ணாத்தே, பொம்ம மேல மணலு தூவுனாப்ல கீது? நேத்து பளிச்சுனு இருந்துச்சே.”

திருவேங்கடம் பல்லைக் கடித்தான். பிறந்தநாள் படம் மங்கின வெளிச்சத்துக்கான வேகமான பிலிமில் எடுத்தது, முழுக்கப் பொடிப்பொடியாய்ப் புள்ளி. பொம்மை மட்டும் வழுவழுவென்று இருந்தால் ஒட்டவைத்தது தெரியும். அதற்காகவே அதையும் கொஞ்சம் மங்கலாக்கிப் புள்ளி போட்டிருந்தான். புள்ளியில்லாத கரடியையும் எடுத்துக் காட்டினான். காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியது போலிருந்தது.

அதற்குள் மேஜைமேலிருந்த கரடி பையன் கைக்குப் போயிருந்தது. கமர்கட் எச்சிலோடு அதன் காதைக் கடித்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி பிடுங்கினாள், அவன் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. விட்டுவிட்டாள். கரடியின் காதில் பழுப்பாய் ஒரு கறை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

“அண்ணாத்தே, அந்தக் கறையவும் போட்டோல போட்டுடு. புள்ள வச்சுகினு விளையாடினான்னு அண்ணன் நம்பும்.”

“அதுக்கும் வெளிச்சம், நெழலு, புள்ளி எல்லாம் ஒத்து வரணும்மா.”

“ஒத்து வர வை. உனுக்குத் தெரியாததா?”

அவன் மேஜையில் கிடந்த கவரைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு, திரையில் கரடியின் காதைப் பெரிதாக்கினான். பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பிப் பார்த்தான். கஸ்தூரி தொட்டியிலிருந்து கவரை எடுத்து, தொடையில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.